உப்பளத்தின் ஒரு நாளை இருபது படங்களில் அடுக்குவது

கேள்வி: தூத்துக்குடி உப்பளங்களில் நான் எடுத்த படங்கள் முந்நூறுக்கு மேல் சேர்ந்துவிட்டன. பெச்சகுச்சா நிகழ்ச்சி ஒன்றில் பேச அழைத்திருக்கிறார்கள். 20 ஸ்லைடு, ஒவ்வொன்றும் 20 வினாடி. பெரும்பாலான கதையைப் படங்களே சொல்ல வேண்டும் என்று ஆசை. ஆனால் வெள்ளை வெள்ளையாக எல்லாப் படமும் ஒன்று போலவே இருக்கிறது. எப்படித் தேர்ந்தெடுப்பது, எப்படி அடுக்குவது, எவ்வளவு பேசுவது?

பதில்:

பவர்பாயின்டை இப்போதைக்குத் திறக்காதீர்கள். முந்நூறு படங்களையும் சின்ன அளவில் பிரின்ட் போட்டுத் தரையில் பரப்பிக்கொள்ளுங்கள். கடையில் ஒரு ஏ4 தாளில் பன்னிரண்டு படம் வீதம் அச்சிட்டு வெட்டிக்கொண்டால் போதும், கலர் பிரின்ட்தான் வேண்டும். கணினித் திரையில் ஒவ்வொரு படமாகப் பார்க்கும்போது ‘இது நல்ல படமா’ என்று மட்டும்தான் தோன்றும். தரையில் பார்க்கும்போதுதான் ‘இதற்குப் பக்கத்தில் எது நிற்கும்’ என்ற கேள்வி வரும். இந்த வடிவத்தில் உங்களுக்கு உதவப்போவது அந்த இரண்டாவது கேள்விதான்.

ஏன் என்று சொல்கிறேன். 2003 பிப்ரவரியில் டோக்கியோவில் ஆஸ்ட்ரிட் கிளைன், மார்க் டைதம் என்ற இரண்டு கட்டிடக் கலைஞர்கள் இதைத் தொடங்கினார்கள். கட்டிடக் கலைஞர்கள் கையில் மைக்கும் ஸ்லைடும் கிடைத்தால் பேச்சை நிறுத்த மாட்டார்கள் என்பது அவர்கள் நன்றாகவே அறிந்த விஷயம். அதனால் ரிமோட்டைப் பேசுபவர் கையிலிருந்து எடுத்துவிட்டார்கள். ஸ்லைடு தானாக மாறும். மொத்தம் 400 வினாடி, அதாவது ஆறு நிமிடம் நாற்பது வினாடி. படம் எப்போது மாறும் என்பது உங்கள் கையில் இல்லை. வழக்கமான உரையில் படத்துக்குப் படம் தாவும்போது ‘இதனால்’, ‘அதற்கு முன்’, ‘இன்னொரு பக்கம்’ என்று ஒரு பாலம் கட்டிவிட்டுப் பொத்தானை அழுத்துவீர்கள். இங்கே அந்தப் பாலத்துக்கு நேரமில்லை. ஒரு படம் போய் அடுத்தது வரும்போது என்ன நடந்தது என்பதைப் பார்ப்பவர் தானே புரிந்துகொள்ள வேண்டும். ஆகவே தனித்தனிப் படங்களை விட, அடுத்தடுத்து நிற்கும் இரண்டு படங்களுக்கு நடுவே உள்ள மாற்றத்தில்தான் கதை ஓடுகிறது.

உங்கள் படங்கள் ஒன்று போல இருப்பதற்கு வருவோம். உப்பளத்தில் உங்களிடம் மூன்று கதைகள் இருக்கும் என்று நினைக்கிறேன். தண்ணீர் உப்பாகும் கதை. அதை வாருகிறவர்களின் கதை. கூலி, மழைக்கால வேலையின்மை, கண் பாதிப்பு என்று பிரச்சினைகளின் கதை. மூன்றையும் சொல்லலாம், ஆனால் ஒன்றுதான் முதுகெலும்பாக இருக்க வேண்டும். தண்ணீரின் கதையை முதுகெலும்பாக வைத்தால் படங்கள் தோற்றுவிடும். உப்பின் அடர்த்தியில் மூன்று டிகிரி உவர்நீருக்கும் இருபது டிகிரி உவர்நீருக்கும் படத்தில் பெரிய வித்தியாசம் தெரியாது. எல்லாவற்றையும் வாயால்தான் சொல்ல வேண்டியிருக்கும். பிரச்சினைகளை முதுகெலும்பாக வைத்தாலும் அதேதான். கூலியைப் படம் எடுக்க முடியாது.

ஒரு தொழிலாளியின் ஒரு நாளை எடுத்துக்கொள்ளுங்கள். காரணம் வெளிச்சம். வெயிலுக்குப் பயந்து அங்கே வேலை விடியும் முன்பே தொடங்கிவிடுகிறது என்பதை நீங்களே பார்த்திருப்பீர்கள். அந்த இருட்டின் நீலம், கிழக்கு வெளுக்கும்போது பாத்தித் தண்ணீரில் விழும் ஆரஞ்சு, எட்டு மணியின் நீண்ட நிழல், உச்சியில் நிழலே இல்லாத வெள்ளை. ஒரே பாத்தி, ஒரே ஆள், ஆனால் நான்கு வேறு வேறு படங்கள். மணி என்ன என்று நீங்கள் ஒரு முறைகூடச் சொல்ல வேண்டாம், நிழலின் நீளம் சொல்லிவிடும். வெள்ளை வெள்ளையாக இருப்பது குறை என்று நினைத்தீர்கள் இல்லையா? உண்மையில் வெள்ளைத் தரைதான் வெளிச்சத்தின் நிறமாற்றத்தை இவ்வளவு தெளிவாகக் காட்டும். பச்சை வயலில் இது இந்த அளவுக்குத் தெரியாது.

தரையில் பரப்பிய படங்களை இப்போது எடுத்த நேரத்தின்படி பிரித்து வையுங்கள். கோப்பிலேயே எடுத்த நேரம் இருக்கும். இருட்டு, விடியல், காலை, உச்சி, பிற்பகல் என்று ஐந்து குவியல். ஒவ்வொரு குவியலிலும் தூரத்திலிருந்து எடுத்தது, ஆள் உயரத்தில் எடுத்தது, நெருக்கத்தில் எடுத்தது என்று மூன்று வகை இருக்கிறதா பாருங்கள். புகைப்படம் எடுப்பவர்களுக்குப் பெரும்பாலும் தூரக்காட்சிகள்தான் குவிந்திருக்கும், ஏனென்றால் அவைதான் அழகு. தொடர்ந்து மூன்று தூரக்காட்சி வந்தால் பார்ப்பவர்களின் கண் நின்றுவிடும். கை, கால், பலகை, பெட்டி இவற்றின் நெருக்கப் படங்கள் குறைவாக இருந்தால் நிகழ்ச்சிக்கு முன் இன்னொரு தடவை போய் அவற்றை மட்டும் எடுத்துவிட்டு வாருங்கள். எதை எடுக்க வேண்டும் என்று தெரிந்துகொண்டு போவதால் ஒரு காலைப்பொழுது போதும்.

நாற்பது படத்துக்குக் குறைத்ததும் ஒரு சோதனை செய்யுங்கள். உப்பளத்தையே பார்த்திராத ஒருவரை உட்கார வைத்து, வரிசையாகக் காட்டி, நீங்கள் வாயே திறக்காமல், ‘இதில் என்ன நடக்கிறது?’ என்று கேளுங்கள். அவர் சரியாகச் சொல்லும் படங்களுக்கு உங்கள் விளக்கம் தேவையில்லை. அங்கே நீங்கள் வேறு எதையாவது சொல்லலாம். அவர் தவறாகச் சொல்லும் படங்கள்தான் முக்கியம். உதாரணமாக, உவர்நீரைத் தேக்கிக் காயவிடும் தெப்பத்தைப் பார்த்துவிட்டு அவர் ‘குளம்’ என்பார். அப்போது முடிவு செய்யுங்கள்: அதற்கு ஒரு வாக்கியம் செலவழிக்கலாமா, அல்லது படத்தையே மாற்றலாமா? இருபதில் நான்கைந்துக்கு மேல் விளக்கம் தேவைப்படும் படங்கள் இருந்தால் அது உங்களைப் படவிளக்கம் சொல்பவராக மாற்றிவிடும்.

சரி, வரிசை. உங்கள் இடத்தில் நான் இருந்தால் இப்படி அடுக்குவேன்.

முதல் நான்கு ஸ்லைடு இருட்டும் விடியலும். வரப்பின் மேல் டார்ச் வெளிச்சத்தோடு நடந்து போகும் ஓர் உருவம். யாரென்று தெரியாது. இரண்டாவதில் அந்த முகம், நெருக்கத்தில். இங்கேதான் அவரை அறிமுகப்படுத்துவீர்கள். மூன்றாவதில் வரப்பில் சாத்தி வைத்திருக்கும் வாருபலகை. நான்காவதில் கிழக்கு வெளுத்து, பாத்திகள் முழுவதும் விரிந்து கிடக்கும் அகலக் காட்சி. அழகான அகலக் காட்சியை முதலிலேயே போட எல்லோருக்கும் கை துறுதுறுக்கும். முதலில் போட்டால் அது சுற்றுலாப் படம். அந்த முகத்தைப் பார்த்த பிறகு போட்டால், ‘இவ்வளவையும் இவரா?’ என்ற கேள்வி தானாக எழும். அதே படம்தான், இடம் மாறியதும் வேலை மாறிவிடுகிறது.

ஐந்திலிருந்து எட்டு வரை தண்ணீரின் கதை. ஒரே இடத்தில், சுருக்கமாக, அதோடு முடிந்துவிட வேண்டும். போர்வெல் குழாயிலிருந்து கொட்டும் உவர்நீர், அது காய்ந்து கெட்டிப்படும் தெப்பம், அப்புறம் டிகிரி மானி, கடைசியில் பாத்தியில் பூத்த உப்பு. இதில் ஏழாவது ஸ்லைடான டிகிரி மானியை நன்றாக யோசித்து எடுங்கள். கடல்நீர் சுமார் 3 டிகிரி, உப்பு பூக்கத் தொடங்குவது 25, சுமார் 29, 30ஐத் தாண்டினால் மெக்னீசிய உப்புகளும் சேர்ந்து கசக்க ஆரம்பிக்கும் என்பதை ஒரு வரைபடமாகப் போடத் தோன்றும். வேண்டாம். நீரில் மிதக்கும் அந்தக் கண்ணாடிக் குழாயை, 25 என்ற கோடு நீர்மட்டத்தில் தொடும்படி, ஸ்லைடு நிறையும் அளவுக்கு நெருக்கத்தில் எடுங்கள். பின்வரிசையில் இருப்பவரும் எண்ணைப் படிக்க வேண்டும். இருபது ஸ்லைடில் எழுத்து இருக்கும் ஒரே ஸ்லைடு அதுவாக இருக்கட்டும். அந்த எழுத்தும் நீங்கள் சேர்த்தது இல்லை, படத்திலேயே இருப்பது.

மற்ற எந்தப் படத்தின் மேலும் தலைப்போ குறிப்போ போடாதீர்கள். எழுத்து கண்ணில் பட்டால் ஜனங்கள் முதலில் அதைப் படிப்பார்கள். படிக்கும்போது உங்கள் குரல் காதில் ஏறாது, படமும் கண்ணில் ஏறாது.

ஒன்பது முதல் பன்னிரண்டு வரை உப்பு வாருவது. இதுதான் உரையின் நடு. இங்கே அவசரப்படாமல் ஒரே வேலையை நான்கு ஸ்லைடுக்கு நீட்டுங்கள், எண்பது வினாடி. ஒரு ஸ்லைடுக்கு ஒரு விஷயம் என்று பலர் கட்டாயமாக எடுத்துக்கொள்கிறார்கள். அப்படிச் செய்தால் இருபது துண்டுச் செய்திகள்தான் கிடைக்கும். படம் 20 வினாடிக்கு ஒரு தடவை மாறினாலும், சொல்லும் விஷயம் அறுபது, எண்பது வினாடிக்கு ஒரு தடவை மாறினால் போதும். ஒன்பதில் பாத்திக்குள் நின்று பலகையை இழுக்கும் முழு உருவம். பத்தில் அதே பலகையைப் பிடித்திருக்கும் கைகள். பதினொன்றில் வரப்பு ஓரம் வரிசையாகக் குவிந்த உப்பு. பன்னிரண்டில் தலைச்சுமை. ஒன்பதுக்கும் பத்துக்கும் சேலை நிறம் ஒன்றாக இருக்க வேண்டும், வெளிச்சம் விழும் பக்கமும் ஒன்றாக இருக்க வேண்டும். வேறொரு நாள், வேறொருவரின் கையை எடுத்து ஒட்டினால் பார்ப்பவர் காரணம் சொல்லத் தெரியாவிட்டாலும் தடுமாறுவார். அதோடு அது பொய்யும் கூட.

பதின்மூன்று முதல் பதினைந்து வரை உச்சி வெயில். நிழலற்ற வெள்ளைப் பாத்தி, துணியால் மூடிய முகத்தில் சுருங்கிய கண்கள், வெடித்த பாதம். இங்கே மிகக் குறைவாகப் பேசுங்கள். பதினைந்தாவதில் ஒரு வார்த்தைகூடப் பேசாமல் இருபது வினாடி நிற்கலாம். ஆனால் உரையில் ஓர் இடத்தில் மட்டும்தான் அப்படிச் செய்ய முடியும், இரண்டாவது தடவை செய்தால் மறந்துவிட்டீர்கள் என்று நினைப்பார்கள். அந்த மௌனம் நிற்க வேண்டுமென்றால் பதினான்காவது ஸ்லைடின் கடைசி வாக்கியம் முழுமையாக முடிந்திருக்க வேண்டும். பாதி வாக்கியத்தோடு மௌனத்துக்குள் போக முடியாது.

பதினாறில், உப்பைக் குவித்து வைக்கும் தட்டுமேட்டில் உயர்ந்து நிற்கும் அம்பாரம். பதினேழில் அதே அம்பாரம் பனையோலை வேய்ந்து. இந்த இரண்டையும் ஒரே கோணத்தில், ஒரே தூரத்தில் எடுத்த படங்களாகப் பாருங்கள். ஸ்லைடு மாறும்போது உப்பு மட்டும் ஓலைக்குள் மறைய வேண்டும். ஒரு நாளின் கதை இங்கே பருவத்தின் கதையாக மாறுகிறது, அதற்கு நீங்கள் சொல்ல வேண்டியது ‘அக்டோபர்’ என்ற ஒரே சொல். பதினெட்டில் மழை நீர் நிரம்பிய பாத்தி, பத்தொன்பதில் வேலையில்லாத நாளில் வீட்டு வாசலில் அவர். மழைக்கால நிவாரணமாக அரசு தரும் 5,000 ரூபாய் பற்றிச் சொல்ல வேண்டுமென்றால் இடம் இதுதான். தொகையை ஒரு தடவை சொல்லிவிட்டு விடுங்கள். எத்தனை மாதம் வேலை இல்லை என்பதை முந்தைய ஸ்லைடிலேயே சொல்லியிருந்தால், கணக்கை அவர்களே போட்டுக்கொள்வார்கள்.

இருபதாவதாக, சாப்பாட்டு மேசையில் உப்புக் கிண்ணம் அல்லது கடையில் உப்புப் பாக்கெட் படத்தைப் போட நினைத்திருப்பீர்கள். உப்பு பற்றிய படத்தொகுப்புகள் அங்கே போய் முடிவது வழக்கமாகிவிட்டது. பார்ப்பவர் மூன்று ஸ்லைடுக்கு முன்பே அதை எதிர்பார்த்துவிடுவார். அதற்குப் பதில், மழை நின்றதும் பாத்தி மிதிக்கும் படம் ஒன்று போடுங்கள். சேற்றை மிதித்து மிதித்துத் தளத்தை இறுக்கும் அந்த வேலைதான் அடுத்த பருவத்தின் முதல் வேலை. பதினைந்தில் பார்த்த பாதங்கள் மறுபடி வருவதால் நீங்கள் எதையும் சுட்டிக்காட்ட வேண்டாம்.

இனி பேச்சு. ஒரு ஸ்லைடின் இருபது வினாடி முழுவதும் உங்களுடையது இல்லை. படம் மாறியதும் முதல் மூன்று நான்கு வினாடி எல்லோரும் படத்தைத்தான் பார்ப்பார்கள். அப்போது பேசினால் வீண். கடைசி இரண்டு வினாடி மூச்சுக்கு. மிச்சம் பதினான்கு, பதினைந்து வினாடிதான் பேச்சு. ஆங்கிலத்தில் எழுதப்பட்ட வழிகாட்டிகளில் ஸ்லைடுக்கு இத்தனை சொல் என்று கணக்குக் கொடுத்திருப்பார்கள், அது நமக்குப் பொருந்தாது. ‘வந்துகொண்டிருந்தவர்களுக்காக’ என்பது நமக்கு ஒரு சொல், அவர்களுக்கு ஐந்தாறு சொல். உங்கள் வேகத்தை நீங்களே அளந்துகொள்ளுங்கள். உப்பளத்தைப் பற்றி ஒரு நண்பரிடம் சாதாரணமாகப் பேசுவது போல ஒரு நிமிடம் ஃபோனில் பதிவு செய்து, அதை எழுதி, சொற்களை எண்ணி, நான்கால் வகுத்துக்கொள்ளுங்கள். அதுதான் ஒரு ஸ்லைடுக்கு உங்கள் அளவு. நிதானமாகப் பேசும் பெரும்பாலானவர்களுக்கு இருபதிலிருந்து இருபத்தைந்து சொல்லுக்குள் வரும்.

இருபத்தைந்து சொல்லில் என்ன சொல்வது? படத்தில் தெரியாததை மட்டும். பத்தாவது ஸ்லைடை எடுத்துக்கொள்வோம், பலகையைப் பிடித்திருக்கும் கைகள். முதலில் எழுதும்போது பெரும்பாலும் இப்படித்தான் வரும்: ‘இது வாருபலகை. இந்தப் பலகையை வைத்துத்தான் அக்கா பாத்தியில் இருக்கும் உப்பை ஒரு பக்கமாக இழுத்துக் குவிக்கிறார்கள். ரொம்பக் கஷ்டமான வேலை.’ முதல் இரண்டு வாக்கியமும் படத்திலேயே இருக்கின்றன. மூன்றாவது, ஜனங்கள் தாங்களே உணர வேண்டியது. நீங்கள் சொல்லிவிட்டால் உணர மாட்டார்கள்.

அதற்குப் பதில்: ‘பலகையை அழுத்திப் பிடித்தால் அடிமண் கலங்கி உப்பு பழுப்பாகும். லேசாகப் பிடித்தால் பாதி உப்பு தண்ணீரிலேயே நிற்கும். எவ்வளவு அழுத்த வேண்டும் என்பது இந்தக் கைகளுக்குத்தான் தெரியும்.’ இருபது சொல். இதைக் கேட்டதும் பார்ப்பவர்களின் கண் மறுபடி படத்துக்குப் போகும், விரல்கள் பலகையை எப்படிப் பிடித்திருக்கின்றன என்று பார்க்கும். படம் அதே படம்தான், இரண்டாவது தடவை பார்க்கும்போது வேறு விஷயம் தெரிகிறது. உங்கள் பேச்சு செய்ய வேண்டிய வேலை இதுதான்: பார்த்துவிட்ட படத்தை இன்னொரு முறை பார்க்க வைப்பது. ஒவ்வொரு ஸ்லைடுக்கும் எழுதியதை இந்த ஒரு கேள்வியால் சோதித்துப் பாருங்கள்.

இதில் மூன்றாவது வாக்கியம் இல்லாவிட்டாலும் அர்த்தம் கெடாது என்பதையும் கவனியுங்கள். அப்படித்தான் எழுத வேண்டும். ஒவ்வொரு ஸ்லைடிலும் கட்டாயம் சொல்ல வேண்டிய வாக்கியம் முன்னால், விட்டுவிடக்கூடியது கடைசியில். மேடையில் நிச்சயம் எங்கேயாவது பிந்துவீர்கள். யாராவது கைதட்டலாம், மைக் இரையலாம். அப்போது பின்தங்கிய வாக்கியத்தைச் சொல்லி முடித்துவிட்டு வருகிறேன் என்று போனால், அடுத்த ஸ்லைடிலும் பிந்துவீர்கள், அது அப்படியே சேர்ந்துகொண்டே போகும். பத்தாவது படத்தைப் பற்றி நீங்கள் பேசும்போது திரையில் பதினொன்று இருந்தால் பார்ப்பவருக்கு இரண்டுமே கிடைக்காது. பாதி வாக்கியத்தில் இருந்தாலும் அப்படியே விட்டுவிட்டுப் புதிய படத்துக்கு வந்துவிடுங்கள். விட்டுவிடக்கூடிய வாக்கியம் கடைசியில் இருப்பதால் யாருக்கும் எதுவும் குறையாது. எதிர்ப்பக்கமும் உண்டு: சீக்கிரம் முடித்துவிட்டால் படம் மாறும் வரை பேசாமல் நில்லுங்கள். ‘அடுத்த படத்தில் பார்க்கலாம்’ என்று இட்டு நிரப்பாதீர்கள்.

உப்பளப் படங்களுக்கே உரிய ஒரு சிக்கல் இருக்கிறது, அதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். கேமராவின் வெளிச்சமானி எதைப் பார்த்தாலும் அதை நடுத்தரச் சாம்பல் அளவுக்குக் கொண்டுவரப் பார்க்கும். சட்டம் முழுக்க வெள்ளை உப்பு இருந்தால் அது ஏமாந்து வெளிச்சத்தைக் குறைத்துவிடும், உப்பு அழுக்குச் சாம்பலாக விழும். உங்கள் படங்களில் பாதி அப்படித்தான் இருக்கும் என்று ஊகிக்கிறேன். இனிமேல் எடுப்பவற்றுக்கு எக்ஸ்போஷர் காம்பன்சேஷனை +1 அளவுக்கு ஏற்றி எடுங்கள். ஏற்கெனவே எடுத்தவற்றைத் திருத்தும்போது உப்பு வெள்ளையாகத் தெரிய வேண்டும், ஆனால் படிகங்களின் விளிம்பு அழிந்துவிடக் கூடாது. எட்டாவது ஸ்லைடில் விளிம்பு அழிந்தால் அது வெறும் வெள்ளைத் தாள்.

புரொஜெக்டரில் போடும்போது இது இன்னும் பெரிய விஷயம். அரை இருட்டான அறையில் முழு வெள்ளை ஸ்லைடு ஒன்று எரிந்தால் எல்லோருடைய கண்ணும் கூசி அந்த வெளிச்சத்துக்குப் பழகிவிடும். உடனே அடுத்து ஓர் இருட்டுப் படம் வந்தால் முதல் சில வினாடி அதில் ஒன்றுமே தெரியாது. இருபதில் ஐந்து வினாடி போனால் கால்பங்கு போச்சு. மேலே சொன்ன வரிசையில் இருட்டிலிருந்து படிப்படியாக வெளிச்சத்துக்குப் போய், பதின்மூன்றில் உச்சத்தைத் தொட்டு, பிறகு மழையின் சாம்பலுக்கு இறங்குவது அதனாலும்தான். பதின்மூன்றாவது ஸ்லைடு கண்ணைக் கூச வைத்தால் வைக்கட்டும், அங்கே அதுதான் விஷயம். அதற்கடுத்த ஸ்லைடில் சுருங்கிய கண்களைக் காட்டும்போது பார்ப்பவரும் கண்ணைச் சுருக்கிக்கொண்டுதான் இருப்பார். இதை எந்த வாக்கியத்தாலும் செய்ய முடியாது.

விடியற்காலைப் படங்களுக்கு இதற்கு நேர்மாறான ஆபத்து. லேப்டாப் திரையில் அழகாகத் தெரியும் இருண்ட நீலம், விளக்கு எரியும் அறையில் புரொஜெக்டரில் விழுந்தால் கறுப்புக் கட்டியாகிவிடும். முதல் மூன்று ஸ்லைடின் நிழல் பகுதிகளைக் கொஞ்சம் தூக்கி வையுங்கள். திரையில் ‘கொஞ்சம் அதிகமாகப் போய்விட்டதே’ என்று தோன்றும் அளவுதான் புரொஜெக்டரில் சரியாக இருக்கும்.

எல்லா ஸ்லைடும் 16:9, 1920×1080. படம் விளிம்பு வரை நிறைய வேண்டும். ஃபோனில் செங்குத்தாக எடுத்த படங்களை இழுத்து நீட்டாதீர்கள், கறுப்புப் பின்னணியில் நடுவில் வைத்துவிடுங்கள். ஆனால் இருபதில் ஒன்றிரண்டுக்கு மேல் அப்படி வேண்டாம்.

நேரத்தை அமைப்பது எளிது. பவர்பாயின்டில் Transitions தாவலில் After என்ற இடத்தில் 00:20.00 கொடுத்து, On Mouse Click குறியை எடுத்துவிட்டு, Apply To All அழுத்துங்கள். Slide Show தாவலில் Use Timings குறி இருக்க வேண்டும், அது இல்லாவிட்டால் நீங்கள் கொடுத்த நேரம் எதுவும் வேலை செய்யாது. மாறும் விதம் None ஆகவே இருக்கட்டும். கரைந்து மாறுவது, சுழன்று மாறுவது எல்லாம் வைத்தால் அந்த வினாடிகளும் சேர்ந்துகொண்டு கணக்கு 400ஐத் தாண்டக்கூடும். அனிமேஷனும் வேண்டாம். கூகுள் ஸ்லைட்ஸ் பயன்படுத்தினால் அதன் பட்டியலில் 15 வினாடி இருக்கும், 30 இருக்கும், 20 இருக்காது. File மெனுவில் Share, அதற்குள் Publish to web கொடுத்து வரும் இணைப்பின் கடைசியில் இருக்கும் எண்ணை மட்டும் இப்படி மாற்றிவிடுங்கள், அது மில்லி வினாடிக் கணக்கு:

```
pub?start=true&loop=false&delayms=20000
```

ஆனால் மேடையில் இணையத்தை நம்பி நிற்க வேண்டாம். என் பரிந்துரை, பவர்பாயின்டிலிருந்து File, Export, Create a Video வழியாக எம்பி4 வீடியோவாக எடுத்துக்கொள்வது. அந்த வீடியோவின் நீளம் சரியாக 6:40 இருக்கிறதா பாருங்கள். இல்லை என்றால் ஏதோ ஒரு ஸ்லைடில் நேரம் தவறாக இருக்கிறது. வேறொருவரின் கணினியில் பழைய பவர்பாயின்ட் இருந்தாலும் வீடியோ அப்படியே ஓடும். நிகழ்ச்சிக்காரர்கள் எல்லோருடைய ஸ்லைடுகளையும் ஒரே கோப்பாகச் சேர்ப்பவர்களாக இருந்தால் மூலக் கோப்பையும் கேட்பார்கள், இரண்டையும் கொடுத்துவிடுங்கள்.

படங்களில் இருப்பவர்களைப் பற்றி ஒரு விஷயம். படம் எடுக்க அனுமதித்தவர், நூறு பேர் முன்னால் திரையில் தன் முகமும் வெடித்த பாதமும் வருவதற்கும் அனுமதித்தார் என்று ஆகாது. இருபது படங்களையும் அச்சிட்டு எடுத்துக்கொண்டு போய் அவரிடமே காட்டுங்கள். நீங்கள் பேசப்போவதையும் வாசித்துக் காட்டுங்கள். கூலி பற்றிப் பேசுவதாக இருந்தால், அதனால் அவருக்கு வேலையிடத்தில் தொந்தரவு வருமா என்று கேட்டுவிடுங்கள். அவர் வேண்டாம் என்று சொல்லும் படம் எவ்வளவு நல்ல படமாக இருந்தாலும் எடுத்துவிட வேண்டியதுதான். இதில் உங்களுக்கு வேறொரு லாபமும் உண்டு: பலகையை எப்படிப் பிடிப்பது போன்ற விஷயங்கள் அந்த உட்காரலில்தான் கிடைக்கும். ‘இதில் நான் பலகையைத் தப்பாகப் பிடித்திருக்கிறேன், அன்றைக்குக் கை வலி’ என்று அவர் சொன்னால், பத்தாவது ஸ்லைடுக்கு நீங்கள் எழுதியதைத் தூக்கிப் போட்டுவிட்டு அதையே சொல்லலாம்.

ஒத்திகையை இரண்டு விதமாகச் செய்யுங்கள். முதலில் ஸ்லைடு ஓட, எழுதியதைக் கையில் வைத்துக்கொண்டு, எந்த ஸ்லைடில் பிந்துகிறீர்கள் என்று குறித்துக்கொள்ளுங்கள். ஒரே இடத்தில் தொடர்ந்து பிந்தினால் வேகத்தைக் கூட்டாதீர்கள், வாக்கியத்தை வெட்டுங்கள். பிறகு திரைக்கு முதுகைக் காட்டி நின்று, வீடியோவைப் பின்னால் ஓட விட்டு, காகிதம் இல்லாமல் பேசுங்கள். யாரையாவது உட்கார வைத்து, படம் மாறும்போதெல்லாம் கை தூக்கச் சொல்லுங்கள். நாலைந்து தடவைக்குப் பிறகு இருபது வினாடி எவ்வளவு என்பது உடம்பிலேயே ஏறிவிடும், கை தூக்கும் முன்பே உங்களுக்குத் தெரியும். வார்த்தைக்கு வார்த்தை மனப்பாடம் செய்யாதீர்கள். ஒவ்வொரு படத்துக்கும் முதல் வாக்கியம் மட்டும் உறுதியாகத் தெரிந்தால் போதும், படம் வந்ததும் அது நாக்கில் வந்து நிற்கும்.

நிகழ்ச்சி நாளன்று கூட்டம் வரும் முன்பே போய், அறையின் விளக்குகள் எப்படி இருக்குமோ அப்படியே வைத்து, முதல் ஸ்லைடையும் பதின்மூன்றாவதையும் மட்டும் திரையில் போட்டுப் பார்த்துவிடுங்கள். முதலாவதில் டார்ச் பிடித்த உருவம் கடைசி வரிசையிலிருந்து தெரிய வேண்டும். தெரியாவிட்டால் திரைக்கு மேலே இருக்கும் விளக்கை மட்டும் அணைக்கச் சொல்லிக் கேளுங்கள்.